உருளை பாட்டில் லேபிளில் பார்கோடு: இடம், அளவு, வெற்று ஓரம் – முழு வழிகாட்டி

பெரும்பாலான ஆர்ட்வொர்க்குகளில் பார்கோடு கடைசியாகத்தான் வந்து சேரும். லோகோ, படம், உட்பொருட்கள், முகவரி எல்லாம் இடம் பிடித்த பிறகு மிஞ்சும் மூலையில் அதைப் பொருத்துவார்கள். மூலை போதவில்லை என்றால் பார்கோடைச் சுருக்குவார்கள், அதுவும் போதாவிட்டால் கோடுகளின் உயரத்தை வெட்டுவார்கள். இங்கே அதைத் தலைகீழாகச் செய்யப் போகிறோம். லேபிளின் வெளிக்கோடு கைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பார்கோடுக்கு ஒரு பெட்டி ஒதுக்கிப் பூட்டிவிடுவது, மற்றதெல்லாம் அதைச் சுற்றி.

எடுத்துக்கொள்ளும் உதாரணம்: 48 மி.மீ விட்டமுள்ள உருளை பாட்டில். அதைச் சுற்றி ஒட்டும் காகித லேபிள் 154 மி.மீ நீளம், 60 மி.மீ உயரம். பாட்டிலின் அடியிலிருந்து 6 மி.மீ மேலே ஒட்டப்படுகிறது. லேபிள் முழுக்க அடர்பச்சைப் பின்னணி, நெகிழ்வான பிளேட்டால் அச்சிடும் ஃபிளெக்ஸோ முறை. குறியீடு, சில்லறைக் கடைகளில் பரவலாகப் பயன்படும் 13 இலக்க ஈஏஎன்-13. தட்டையான அட்டைப்பெட்டியை விட்டுவிட்டு இதை எடுக்கக் காரணம் உண்டு. பெட்டியில் பின்பக்கத்தின் கீழ் வலது பகுதியில், விளிம்பை ஒட்டாமல் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். உருளையில் அப்படி எளிதாக முடியாது.

முதலில் அளவுகள்

பார்கோடின் எல்லா அளவுக்கும் அடிப்படை, அதிலுள்ள மிக ஒல்லியான கோட்டின் அகலம்தான். இதை எக்ஸ் அளவு என்பார்கள். ஈஏஎன்-13க்கு 100% அளவில் இது 0.33 மி.மீ. மற்ற கோடுகளும் இடைவெளிகளும் இதன் ஒன்று, இரண்டு, மூன்று அல்லது நான்கு மடங்கு. முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை மொத்தம் 95 எக்ஸ், அதாவது 31.35 மி.மீ. கோடுகளின் உயரம் 22.85 மி.மீ. கீழே உள்ள எண்களையும் சேர்த்தால் 25.93 மி.மீ.

அனுமதிக்கப்பட்ட அளவு 80%லிருந்து 200% வரை. 80%ல் எக்ஸ் 0.264 மி.மீ ஆகிறது. இடம் கம்மி என்றதும் பலர் நேராக 80%க்குப் போய்விடுகிறார்கள், அனுமதி இருக்கிறதே என்று. ஆனால் அச்சகத்துக்கு அது எவ்வளவு நெருக்கடி என்பதைப் பழைய விவரக்குறிப்பு அட்டவணை காட்டுகிறது: 100% அளவில் ஒரு கோடு 0.101 மி.மீ வரை கூடவோ குறையவோ செய்யலாம், 80%ல் அந்தச் சலுகை 0.035 மி.மீதான். அளவு ஐந்தில் ஒரு பங்கு குறையும்போது அச்சுப்பிழைக்கான இடம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. மை பரவும் தன்மையுள்ள ஃபிளெக்ஸோவில் 80% என்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்க வேண்டிய முடிவு.

உயரத்தை வெட்டுவதும் இதே மாதிரி ஒரு பொய்யான சேமிப்பு. கல்லாவில் உள்ள லேசர் ஸ்கேனர் பல கோணங்களில் ஒளிக்கோடுகளை வீசுகிறது. ஈஏஎன் குறியீட்டின் இடது பாதியையும் வலது பாதியையும் அது தனித்தனியாகப் படித்துச் சேர்த்துக்கொள்ளும். ஒவ்வொரு பாதியும் அகலத்தைவிட உயரமாக இருப்பதால்தான் பாட்டிலை எப்படிக் காட்டினாலும் ஏதோ ஒரு ஒளிக்கோடு பாதியை முழுதாகக் கடந்து போகிறது. உயரத்தை 10 மி.மீ ஆக்கினாலும் குறியீடு படிக்கும். ஆனால் நேராகப் பிடித்தால் மட்டுமே படிக்கும். ஊழியர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிக் காட்டுவதைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வெற்று ஓரம் ஏன் தேவை

கோடுகளின் இரு பக்கமும் எதுவும் அச்சாகாத ஒரு பட்டை வேண்டும். இடப்பக்கம் 11 எக்ஸ், வலப்பக்கம் 7 எக்ஸ். 100% அளவில் 3.63 மி.மீ, 2.31 மி.மீ. இவற்றையும் சேர்த்தால் ஈஏஎன்-13 எடுத்துக்கொள்ளும் அகலம் 37.29 மி.மீ.

ஸ்கேனருக்குக் கோடுகளின் நிஜ அளவு தெரியாது. கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் விகிதத்தை மட்டுமே அது அளக்கிறது. நீளமான ஒரு வெள்ளைக்குப் பிறகு ஒல்லிக் கோடு, ஒல்லி இடைவெளி, ஒல்லிக் கோடு என்று வந்தால் ‘இதோ தொடக்கம்’ என்று எடுத்துக்கொள்ளும். இப்போது கோடுகளிலிருந்து 1 மி.மீ தள்ளி அழகுக்காக ஒரு சட்டக் கோடு போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஸ்கேனர் அந்தச் சட்டத்தை முதல் கோடாக எண்ணக்கூடும். அதற்கு அடுத்துள்ள இடைவெளி தொடக்க விகிதத்துக்குப் பொருந்தாது, அந்த வாசிப்பு தள்ளுபடி. சட்டம் மட்டுமல்ல, பின்னணி நிறத்தின் ஓரம், மடிப்பு, லேபிளின் வெட்டு விளிம்பு, பக்கத்துப் பத்தியின் எழுத்து, எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

இடப்பக்க ஓரத்தில் முதல் இலக்கம் தனியாக நிற்பதைப் பார்த்துவிட்டு ‘அங்கேதான் எழுத்து இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் வைத்தால் என்ன’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்த இலக்கம் கோடுகளின் உயரத்துக்குக் கீழே நிற்கிறது, ஒளிக்கோடு படிக்கும் பாதையில் இல்லை. வலப்பக்கம் எண்களின் வரிசையில் சில மென்பொருள்கள் வைக்கும் `>` குறியையும் அழிக்காதீர்கள். அது வெற்று ஓரம் எதுவரை என்று காட்டும் காவல். அதைத் தாண்டித்தான் மற்றது வரலாம்.

வளைவுக் கணக்கு

இப்போது பாட்டிலுக்கு வருவோம். கோடுகள் நிமிர்ந்து நிற்கும்படி, வேலி மாதிரி, உருளையில் வைத்தால் குறியீட்டின் இரு கோடிகளும் வளைந்து பின்னால் போகும். ஓரத்துக் கோடுகள் ஸ்கேனர் கண்ணுக்குக் குறுகலாகத் தெரியும், விகிதம் கெடும். பார்கோடு தரங்களை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் விதி இதற்கு எல்லை வைத்திருக்கிறது: குறியீட்டின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையிலான கோணம் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இரு பக்கமும் சேர்த்து 60 டிகிரி, அதாவது சுற்றளவில் ஆறில் ஒரு பங்கு. விட்டத்தை 0.5236ஆல் பெருக்கினால் அந்த நீளம் கிடைத்துவிடும்.

48 மி.மீ பாட்டிலுக்கு 48 × 0.5236 = 25.13 மி.மீ. நம் 95 எக்ஸ் இதற்குள் அடங்க வேண்டும். 100% அளவில் 31.35 மி.மீ, அடங்காது. 80%ல் 95 × 0.264 = 25.08 மி.மீ. அடங்குகிறது, ஆனால் மயிரிழையில். பாட்டிலின் விட்டம் 47.8 ஆக வந்தால் எல்லை 25.03க்கு இறங்கி, கணக்கே பொய்த்துவிடும். காகிதத்தில் பாஸ், கையில் ஃபெயில் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். 100% அளவைக் கோடுகள் நிமிர்ந்த நிலையில் வைக்க வேண்டுமானால் பாட்டில் குறைந்தது 60 மி.மீ விட்டம் இருக்க வேண்டும்.

நம் பாட்டிலுக்கு விடை, குறியீட்டை 90 டிகிரி திருப்புவது. கோடுகள் ஏணிப்படி போலப் படுத்திருக்கும், குறியீட்டின் அகலம் பாட்டிலின் உயரத்தோடு ஓடும். அந்தத் திசையில் வளைவே இல்லை. ஒவ்வொரு கோடும் பாட்டிலைச் சுற்றி வளையும்தான், ஆனால் அதனால் கோட்டின் தடிமனுக்கு ஒன்றும் ஆவதில்லை. லேபிள் உயரம் 60 மி.மீ என்பதால் 100% அளவே தாராளமாக உட்காரும். வடிவமைப்பாளருக்குப் படுத்த பார்கோடு அழகாகத் தெரியாமல் இருக்கலாம். ஸ்கேனருக்கு அந்தக் கவலை கிடையாது.

அச்சு ஓடும் திசை

திருப்புவது என்று முடிவெடுத்த உடனே அச்சகத்திடம் ஒரு கேள்வி கேளுங்கள்: சுருளிலிருந்து லேபிள் வெளியே வரும்போது எந்தப் பக்கம் முன்னால் வரும்?

ஃபிளெக்ஸோவில் நெகிழ்வான பிளேட்டை உருளையில் சுற்றி ஒட்டுகிறார்கள். வளைக்கும்போது படம் ஓடும் திசையில் நீளும். அதை ஈடுகட்ட முன்கூட்டியே சுருக்கித்தான் பிளேட் செய்வார்கள். ஓட்டத்தில் லேசாக வழுக்கினால் மை இழுபடுவதும் அதே திசையில்தான். ஆகவே கோடுகள் ஓடும் திசைக்கு இணையாக இருந்தால் எந்தப் பிசகும் கோட்டின் நீளத்தில் போய்ச் சேரும், யாருக்கும் நஷ்டமில்லை. கோடுகள் ஓட்டத்துக்குக் குறுக்கே கிடந்தால் ஒவ்வொரு கோடும் ஒரு பக்கமாகத் தடிக்கும், இடைவெளிகள் அடைபடும்.

பாட்டிலைச் சுற்றி ஒட்டும் லேபிள் பெரும்பாலும் வலது அல்லது இடது ஓரம் முன்னால் வரும்படிதான் சுருளில் இருக்கும், ஏனென்றால் பாட்டில் உருளும்போது அந்த ஓரம்தான் முதலில் ஒட்ட வேண்டும். அப்படியானால் ஓடும் திசை லேபிளின் நீளவாக்கு. ஏணி நிலையில் நம் கோடுகளும் நீளவாக்கில்தான் கிடக்கின்றன. வளைவுக்காகச் செய்த மாற்றம் அச்சுக்கும் ஒத்துப்போகிறது. எப்போதும் இவ்வளவு அதிர்ஷ்டம் இருக்காது. தட்டையான பையில் திசை முரண்பட்டால், மற்ற இடவசதியைப் பார்த்து, அச்சுத் திசைக்கே முன்னுரிமை கொடுங்கள்.

பெட்டி போடுதல்

பச்சைப் பின்னணியில் வெள்ளையாக விடப்படும் பெட்டியை வெற்று ஓரத்தின் துல்லிய அளவுக்கே வெட்டிவிடுவதுதான் நான் பிறர் கோப்புகளில் அதிகம் பார்க்கும் கோளாறு. திரையில் சரியாகத்தான் இருக்கும். அச்சில் கருப்பு பிளேட்டும் பச்சை பிளேட்டும் கொஞ்சம் விலகும். அப்போது ஒரு பக்க ஓரம் 3.63லிருந்து 3.2க்கு இறங்கிவிடும். அதனால் விலகலுக்கும் சேர்த்து இடம் விட வேண்டும்.

நான் இரண்டு பக்கமும் பெரிய ஓரத்தையே கணக்கில் எடுப்பேன். திருப்பிய குறியீட்டில் எது 11 எக்ஸ் பக்கம், எது 7 எக்ஸ் பக்கம் என்று யாராவது குழம்பினாலும் கேடு வராது. 31.35 + 3.63 + 3.63 = 38.61 மி.மீ. இதை 40 ஆக்கிவிடலாம். ஒவ்வொரு பக்கமும் சுமார் 0.7 மி.மீ உபரி. கோடுகளுக்கு மேலேயும் எண்களுக்குக் கீழேயும் வெற்று ஓர விதி எதுவும் இல்லை, ஆனாலும் மூச்சுவிட இடம் வேண்டும், 25.93ஐ 28 ஆக்கிக்கொள்வோம். பெட்டி 40 × 28 மி.மீ. அச்சகம் தன் விலகல் 0.7ஐவிட அதிகம் என்று சொன்னால் பெட்டியைப் பெரிதாக்குங்கள், குறியீட்டைத் தொடாதீர்கள்.

லேபிளில் எங்கே

பொது விதி, பேக்கின் எந்த விளிம்பிலிருந்தும் 8 மி.மீக்கு அருகிலும் 100 மி.மீக்கு அப்பாலும் குறியீடு போகக் கூடாது என்பது. விளிம்பை ஒட்டினால் கையும் வளைவும் மறைக்கும், ரொம்ப உள்ளே போனால் ஊழியர் தேட வேண்டும்.

நம் பெட்டியின் 40 மி.மீ பக்கம் செங்குத்தாக நிற்கிறது. லேபிள் உயரம் 60, ஆக மேலே 10, கீழே 10. லேபிளே பாட்டில் அடியிலிருந்து 6 மி.மீ மேலே இருப்பதால் பெட்டி தரையிலிருந்து 16 மி.மீ உயரத்தில் தொடங்குகிறது, அடிவளைவு தொந்தரவு இல்லை. நீளவாக்கில் பார்த்தால், பாட்டிலின் சுற்றளவு 150.8, லேபிள் 154, ஆக 3.2 மி.மீ ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அந்த ஒட்டு பின்பக்கம் வரும். பெட்டியை லேபிளின் வலது ஓரத்திலிருந்து 10 மி.மீ தள்ளி வைத்தால் ஏறும் இடத்துக்கும் பெட்டிக்கும் போதுமான தூரம். ஒட்டும் இயந்திரம் கொஞ்சம் கோணலாக ஒட்டினாலும் கோடுகள் மீது காகிதம் ஏறாது.

இன்னொன்று: ஒரு பாட்டிலில் ஒரே குறியீடுதான் தெரிய வேண்டும். பல பாட்டில்களைச் சேர்த்துச் சுற்றும் பிளாஸ்டிக் உறைக்குத் தனி எண் இருந்தால், உள்ளே இருக்கும் பாட்டில் குறியீடுகள் அதன் வழியே தெரியாதபடி மறைக்க வேண்டும். இல்லாவிட்டால் கல்லாவில் கட்டுக்குப் பதில் ஒற்றைப் பாட்டில் விலைதான் விழும்.

நிறம்

கல்லா ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிவப்பு ஒளியில் பார்க்கின்றன. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் அந்த ஒளியில் வெள்ளையாகவே தெரியும். அதனால் அவை பின்னணிக்கு ஏற்றவை, கோடுகளுக்கு உதவாது. நீலமும் பச்சையும் கறுப்பாகத் தெரியும், அதனால்தான் நம் அடர்பச்சைப் பின்னணியில் வெள்ளைப் பெட்டி கட்டாயம்.

கோடுகள் 100% கருப்பு, ஒரே பிளேட். நான்கு நிறம் கலந்த ‘அடர் கருப்பு’ வேண்டாம். அதிலுள்ள நீல நிற பிளேட் கொஞ்சம் விலகினால் ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் ஒரு நீல நிழல் விழும், ஸ்கேனருக்கு அது கோடு தடித்ததாகவே தெரியும். லேபிள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காக இருந்தால் பெட்டிக்கு அடியில் அடர்த்தியான வெள்ளை மை தேவை. நம்முடையது காகிதம், அந்தக் கவலை இல்லை.

கோப்பில் செய்ய வேண்டியது

மை காகிதத்தில் படும்போது கோடு கொஞ்சம் பருக்கும். அதை ஈடுகட்டக் கோப்பிலேயே கோடுகளை ஒல்லியாக்குவார்கள். எவ்வளவு என்பதை அச்சகம் தன் இயந்திரத்தை அளந்து சொல்ல வேண்டும், ஊகிக்கக் கூடாது. 0.04 மி.மீ என்று சொன்னால், 0.33 கோடு கோப்பில் 0.29 ஆக இருக்கும், அச்சாகி மீண்டும் 0.33க்கு வரும். கோடுகளின் நடுவிலிருந்து நடு வரையுள்ள தூரம் மாறாது.

இதனால்தான் பார்கோடை இறுதி அளவில் உருவாக்கிய பிறகு இழுத்துச் சுருக்கக் கூடாது. 85%க்குச் சுருக்கினால் அந்த 0.04ம் 0.034 ஆகிவிடும், அச்சியந்திரமோ பழையபடி 0.04தான் பருக்க வைக்கும். அளவு மாற வேண்டுமானால் மென்பொருளுக்குத் திரும்பிப் போய்ப் புதிதாக உருவாக்குங்கள். இரண்டு நிமிட வேலை.

வெக்டர் வடிவத்திலேயே எடுங்கள். 300 டிபிஐ படமாக எடுத்தால் ஒரு புள்ளி 0.085 மி.மீ. 0.33 என்பது 3.9 புள்ளி. அரைப் புள்ளி கிடையாது என்பதால் மென்பொருள் சில கோடுகளுக்கு 4, சிலவற்றுக்கு 3 என்று பங்குபோட்டுவிடலாம். பெரிதாக்கிப் பார்த்தால் சமமாக இருக்க வேண்டிய ஒல்லிக் கோடுகள் கண்ணுக்கே வேறுபடும்.

சரிபார்ப்பு

அச்சுக்கு அனுப்பும் முன் கோப்பில் முதல் கோட்டின் வெளி ஓரத்திலிருந்து கடைசிக் கோட்டின் வெளி ஓரம் வரை அளந்து பாருங்கள். 31.3 அளவில் இருக்க வேண்டும். 30 என்று வந்தால் வழியில் யாரோ சுருக்கியிருக்கிறார்கள். பிறகு ஸ்கேன் செய்து, வரும் 13 இலக்கங்களைப் பொருளின் எண்ணோடு ஒப்பிடுங்கள். பழைய லேபிளை நகலெடுத்துப் புதிய சுவைக்கோ புதிய எடைக்கோ ஆர்ட்வொர்க் செய்யும்போது பழைய எண்ணே தங்கிவிடுவது சகஜம்.

கைபேசியில் படிப்பதைச் சான்றாக எடுக்காதீர்கள். அதன் கேமராவுக்குப் பொறுமை அதிகம், கல்லா ஸ்கேனருக்கு அவ்வளவு கிடையாது. அச்சான மாதிரியைச் சோதிக்க வெரிஃபையர் என்ற கருவி இருக்கிறது. ஐஎஸ்ஓ 15416 முறைப்படி 4 முதல் 0 வரை மதிப்பெண் தரும். சில்லறைக் குறியீட்டுக்குக் குறைந்தது 1.5 வேண்டும், அதாவது ‘சி’ தரம். ஒவ்வொரு அம்சத்துக்கும் அது தனித்தனியாகத் தரும் மதிப்பெண்கள்தான் உண்மையில் பயனுள்ளவை. கான்ட்ராஸ்ட் குறைந்தால் மையையோ காகிதத்தையோ பாருங்கள். டிகோடபிலிட்டி, அதாவது கோடு, இடைவெளி அகலங்களின் துல்லியம், குறைந்தால் கோடுகள் பருத்திருக்கலாம் அல்லது ஒல்லியாகியிருக்கலாம், 0.04 என்ற அந்த எண்ணை அச்சகத்தோடு மறுபடி பேசுங்கள். வெற்று ஓரத்தில் தோல்வி என்றால் பெட்டியின் ஓரத்தை அளவுகோலால் அளந்தாலே தெரிந்துவிடும்.

சுருளின் தொடக்கத்தில் மட்டும் சோதித்துவிட்டு விடாதீர்கள். ஓட ஓட பிளேட்டில் மை சேரும், அழுத்தம் மாறும். நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் ஒவ்வொரு லேபிள் எடுத்து, அவற்றைப் பாட்டிலில் ஒட்டிய பிறகும் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். தட்டையாக நன்றாகப் படித்தது ஒட்டிய பிறகு தடுமாறினால், பெட்டியின் நடுவில் சுருக்கமோ காற்றுக் குமிழோ இருக்கிறதா பாருங்கள். அது ஒட்டும் இயந்திரத்தில் சரிசெய்ய வேண்டியது, ஆர்ட்வொர்க்கைத் திறக்கத் தேவையில்லை.